வலி குறைஞ்சிடுச்சாம்

மாமியாரும் மருமகளும் பேச்சை நிறுத்திக்கொண்டால், அந்த வீட்டு ஆண்களுக்குத்தான் தொண்டை வறண்டுபோகும்.

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, அடுப்புல பால் பொங்குதுன்னு."

"அம்மா, அவ உனக்குப் பக்கத்துலதான் நிக்கறா."

"உன்னைத்தான் சொல்லச் சொன்னேன்."

"ஏம்மா, பால் பொங்குதாம்."

"அணைச்சாச்சுன்னு அத்தைகிட்ட சொல்லிடுங்க."

இப்படியே ஒரு வாரம் ஓடியது. காரணம் பெரிய ரகசியமில்லை. கணவனும் மனைவியும் தனியாக ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். நல்ல நேரம் பார்த்துப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் ஒத்திப்போட்டார்கள். அதற்குள் வீட்டுத் தரகர் தொலைபேசியில் அத்தையிடமே, "சாவியை எப்ப வந்து வாங்கிக்கறீங்க?" என்று கேட்டுவைத்தார். அன்றோடு பேச்சு நின்றது.

கடைசி இரண்டு நாட்களாக இந்தத் தூதுப் பேச்சும் நின்றுபோனது. இன்று காலையில் மருமகள் ரொட்டியைச் சுட்டு மேஜையில் வைத்தாள். சால்வையைக் கன்னம் வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தை, தட்டை ஒரு விரலால் தள்ளிவிட்டு எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"என் மேல கோபம், சரி. ரொட்டி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அவள் கணவனிடம் பொரிந்தாள்.

அவன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் வேலை. "பாதி வழியில நின்னுபோன லிஃப்டைக்கூட மேல கொண்டுவந்துடுவேன். உங்க ரெண்டு பேர் விஷயத்துல என்னால ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டு, அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டுக் கிளம்பினான். அந்தச் சின்னத் தொடுகை இல்லாவிட்டால் அவள் அன்றைக்கு அழுதுகொண்டேதான் வேலைக்குப் போயிருப்பாள்.

அவள் வேலை ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில். சிகிச்சை அறை ஒன்று, அதில் நாற்காலி ஒன்று, டாக்டரம்மா ஒருவர், உதவிக்கு ஒரு நர்ஸ், வெளியே இவள். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் கிராம்புத் தைலமும் கிருமிநாசினியும் கலந்த வாசனை வரும். மேஜையில் இரண்டு தொலைபேசிகள். ஒன்று நோயாளிகளுக்கு. மற்றொன்று மருத்துவமனையிலிருந்து வெளியே பேசுவதற்கு. இரண்டாவதை யாரும் சொந்தப் பேச்சுக்கு எடுக்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை.

டாக்டரம்மாவின் இன்னொரு கட்டளை, தினமும் மதியத்துக்கு முன்னால் ஒரு இடம் காலியாக இருக்க வேண்டும் என்பது. யார் கெஞ்சினாலும் முன்கூட்டி அதைக் கொடுக்கக் கூடாது. அது அன்றைக்கு வலியோடு வருகிறவருக்கு. அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது என்பதைத் தொலைபேசியிலேயே முடிவு செய்ய வேண்டியவள் வரவேற்புப் பெண்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாக்டரம்மா அவளை எதிரில் உட்காரவைத்துச் சொன்னார்: "சத்தமா கத்தறவங்களுக்குத்தான் அவசரம்னு நினைச்சுடாத. கத்தறதுக்கு மூச்சு வேணும். முதல்ல மூச்சையும் முழுங்கறதையும் கேளு. அப்புறம் வீக்கம், காய்ச்சல், அடி, ரத்தம். வலி எவ்வளவுங்கறது அதுக்கப்புறம்தான். நோய் என்னன்னு நீ கண்டுபிடிக்க வேண்டாம். கேக்க வேண்டியதைக் கேட்டு, சொன்னதை அப்படியே எங்கிட்ட கொண்டுவா. ஆனா மூச்சு, முழுங்கறது, குரல் இந்த மூணுல எது சரியில்லைன்னாலும் எனக்காகக் காத்திருக்காத. முதல்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, பிறகு வந்து கதவைத் தட்டு."

அன்று முதல் அழைப்பு பேக்கரிக்காரருடையது. தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலும் கேட்கும் குரல்.

"அம்மாடி, செத்தேன்! ராத்திரி பூரா தூங்கல. இப்பவே வரேன், நாற்காலியைக் காலி பண்ணி வை!"

"வாங்க சார், முதல்ல உங்க நம்பரைச் சொல்லுங்க. நடுவுல லைன் போச்சுன்னா நான் கூப்பிடணும்ல." எண்ணைக் குறித்துக்கொண்டாள். "மூச்சு விட, முழுங்கக் கஷ்டம் இருக்கா?"

"முழுங்கறதா? காலையில ரெண்டு பன்னு முழுங்கினேன், மறுபக்கத்தால!"

"முகத்துல, கழுத்துல வீக்கம்? காய்ச்சல்? எங்கயாவது விழுந்து அடிபட்டுச்சா?"

"இல்ல, இல்ல, இல்ல. ஆளைக் கொல்லுதும்மா வலி!"

"எந்தப் பக்கம், மேலயா கீழயா? பச்சைத் தண்ணி பட்டா சுருக்குனு வலிச்சுட்டுப் போயிடுதா, நிக்காம வலிக்குதா?"

"மேல, வலது பக்கம். நின்னாத்தான் பரவாயில்லையே! படுத்தா இன்னும் தெறிக்குது."

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டுக்கொண்டு, காலியாக வைத்திருந்த இடத்தை அவருக்கே கொடுத்தாள். தூக்கத்தைக் கெடுக்கும் வலி அன்றைக்கே பார்க்கப்பட வேண்டிய வலி. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் நாளைக்கு என்று தள்ளக் கூடாது. "வலிக்கற இடத்துல ஆஸ்பிரின் எதையும் நசுக்கி வைக்காதீங்க, ஈறு வெந்துடும்" என்றும் சொல்லிவைத்தாள்.

"வெச்சாச்சே!" என்றார் பேக்கரிக்காரர். அப்போதுதான் குரல் கொஞ்சம் இறங்கியது.

அவள் சொன்ன நேரத்துக்கு வெகு முன்னதாகவே அவர் வந்து, கன்னத்தைப் பிடித்தபடி அவள் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே யாருக்கோ பல் வேர் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது.

அடுத்து, பல் மேல் போட்டிருந்த உறை கழன்றுவிட்ட ஒரு பெண். வலியில்லை, ஆனால் மாலையில் போட்டோ எடுக்க வேண்டுமாம். கழன்றதை ஒரு டப்பாவில் பத்திரமாக வைக்கச் சொல்லி, மறுநாள் காலைக்கு நேரம் கொடுத்தாள். கெஞ்சல், கோபம், கடைசியில் சம்மதம்.

மூன்றாவது முறையாகத் தொலைபேசி அடித்தது.

"ஹலோ... பல் ஆஸ்பத்திரிங்களா?"

ஆண் குரல். அடிக்குரலில், மூக்கால் பேசியது. வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமா! கல்யாணமாகி வந்த மூன்று வருடங்களாக, "டீ ஆறிடும், வாம்மா" என்று தினமும் கேட்கிற குரல். அதைக் கைக்குட்டை மறைத்துவிடுமா?

"ஆமாங்க, சொல்லுங்க" என்றாள், எதுவும் தெரியாதவள் போல.

"என் சிநேகிதர் ஒருத்தர்... அவர் சம்சாரத்துக்குப் பல்வலி. இப்ப ஒண்ணும் அவசரமில்ல. அடுத்த வாரம் ஏதாவது ஒரு நாள்... உங்க வேலை நேரத்துல இல்லாம, சாயங்காலமா இருந்தா தேவல."

அவளுடைய வேலை நேரத்தில் இல்லாமல்! சிரிப்பு அப்படியே உறைந்தது. பல்வலி என்று தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தான் இல்லாத நேரமாகப் பார்த்து வர நினைக்கிறார் அத்தை. அதற்கு மாமா தூது. வரட்டும், அடுத்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் என்று கொடுத்துவிட்டால் அவர்களும் சந்தோஷப்படுவார்கள், இவளும் கண்ணில் பட வேண்டாம். பேனா அந்தப் பக்கத்துக்குப் போயும்விட்டது.

ஆனால் வாய் பழக்கத்தில் கேட்டது: "உங்க நம்பர் சொல்லுங்க."

மாமா வீட்டு எண்ணையே சொன்னார். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"மூச்சு விட, முழுங்கக் கஷ்டம் ஏதாவது?"

"மூச்செல்லாம் விடறா... விடறாங்க. முழுங்கறதுதான்... ரெண்டு நாளா சரியா சாப்பிடறதில்ல. அது கோபத்துல இருக்கலாம்."

"கோபமா?"

"வீட்டுல ஒரு சின்ன மனஸ்தாபம். அது கிடக்கட்டும்மா. வலி ஒரு வாரமா இருந்துது. இப்பப் பரவாயில்ல. முந்தாநாள்லேருந்து வலி குறைஞ்சிடுச்சாம்."

பேனா நின்றது. வலி குறைந்த பிறகு ஒருவர் ஏன் சாப்பிடாமல் இருக்க வேண்டும்?

"முகத்துல வீக்கம் இருக்கா?"

"இருக்கு. சால்வையால மூடி வெச்சிருக்கா, யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு. சுடு ஒத்தடம் குடுத்துக்கிட்டே இருந்தா. வடியல, கீழே இறங்கிடுச்சு."

"கீழேன்னா? கன்னத்துலயா, தாடைக்கு அடியிலயா?"

"தாடைக்கு அடியில. கழுத்தும் கொஞ்சம். ரெண்டு பக்கமும்."

காலையில் பார்த்த சால்வை அவள் கண்முன் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை அத்தை. மறைத்துக்கொண்டிருந்தார். தட்டைத் தள்ளியது ரொட்டி மேல் கோபத்தால் அல்ல. ஆனாலும் அவள் குரலை மாற்றவில்லை. இவள் பதறினால் மாமா கைகால் ஓடாமல் நின்றுவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"காய்ச்சல்?"

"உடம்பு அனலா கொதிக்குது."

"வாயைத் திறக்கச் சொல்லுங்க. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையுதான்னு பாத்துச் சொல்லுங்க."

மறுமுனையில் ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம், செருப்புச் சத்தம், "ஏய், கொஞ்சம் வாயைத் திற" என்ற மாமாவின் கெஞ்சல். பிறகு மூச்சு வாங்க வந்தார். "ஒரு விரல்கூட நுழையல. ரெண்டு நாளா இப்படித்தானாம், இப்பத்தான் ஜாடை காட்டறா. நாங்கதான் பேச்சை விட்டுட்டான்னு நினைச்சுட்டோம்."

நாங்கதான். அந்த ஒரு சொல்லில் அவளும் இருந்தாள்.

"எச்சில் முழுங்க முடியுதா, வழியுதா?"

"கையில துண்டு வெச்சுத் தொடைச்சுக்கிட்டே இருக்கா."

இனி நாடகத்துக்கு இடமில்லை.

"மாமா, நான்தான். ஃபோனை அத்தை காதுகிட்ட கொண்டுபோங்க."

"எப்பம்மா கண்டுபிடிச்ச?" இப்போது கைக்குட்டை இல்லாத நிஜக் குரல்.

"முதல் ஹலோவுலயே. சீக்கிரம், மாமா."

"உங்கூடப் பேச மாட்டேன்னு சீட்டுல எழுதிக் காட்டித்தான் என்னைப் பேசவெச்சா..."

"என்கூடப் பேச வேண்டாம். ஒண்ணு, ரெண்டுன்னு அஞ்சு வரைக்கும் சொன்னாப் போதும். அவங்க குரலை நான் கேக்கணும்."

தொலைபேசி கை மாறியது. சளசளவென்று ஈரமான ஒரு மூச்சு. அவள் காத்திருந்தாள். ஒரு வீட்டைத் தூக்கி நிறுத்தும் வெண்கலக் குரல் அத்தையுடையது. மாடியில் நின்று கூப்பிட்டால் தெருமுனையில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். அந்தக் குரல் இப்போது, வாய் நிறையச் சூடான எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல அமுங்கி வந்தது.

"ஒ...ண்...ணு. ரெ...ண்..."

மூன்று வரவில்லை.

"போதும் அத்தை. போதும். பேசாதீங்க. நான் பாத்துக்கறேன்."

அவள் மறு கையால் இரண்டாவது தொலைபேசியை எடுத்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு எண் போட்டாள்.

"ஐம்பத்தெட்டு வயசு அம்மா. பல்லுலேருந்து தாடைக்கு அடியில ரெண்டு பக்கமும் வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியல, எச்சில் முழுங்க முடியல, குரல் மாறிடுச்சு. சர்க்கரை வியாதி இருக்கு." முகவரியைச் சொல்லும்போதுதான் அவள் குரல் முதல் தடவையாக நடுங்கியது. அது அவள் தினமும் சாயங்காலம் திரும்பிப் போகும் முகவரி.

பிறகு இந்தத் தொலைபேசிக்கு வந்தாள். "மாமா, ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. அத்தையைப் படுக்கவைக்காதீங்க. நிமிர்ந்து உக்காரட்டும். குடிக்க, சாப்பிட எதுவும் குடுக்காதீங்க, தண்ணிகூட வேண்டாம். ஒத்தடத்தை நிறுத்துங்க. சர்க்கரை மாத்திரை டப்பா, வலிக்கு எதைச் சாப்பிட்டாங்களோ அது, ரெண்டையும் பையில போடுங்க."

"இங்கேன்னா நீ இருப்ப, உங்க டாக்டரம்மா பாத்துட மாட்டாங்களா? ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரின்னா அவ பயந்துக்குவா."

நியாயமான கேள்வி. அவளுக்கும் அந்த ஆசை வந்தது. அத்தையை இங்கே கூட்டிவந்து, தன் கண் முன்னால், தனக்குத் தெரிந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால்! ஆனால் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருப்பது பல் பிடுங்கும் கருவிகள்தான். தொண்டை அடைத்துக்கொண்டால் மூச்சுக்கு வழி செய்ய அங்கே ஆளுமில்லை, வசதியுமில்லை.

"இங்க வேண்டாம் மாமா. நம்ம வீட்டு மனுஷிங்கறதாலதான் சொல்றேன், இங்க வேண்டாம். கதவைத் திறந்து வெச்சுட்டு அவங்க பக்கத்துலயே இருங்க. ஃபோனை வெச்சுடாதீங்க."

அவள் எழுந்து சிகிச்சை அறைக் கதவைத் தட்டினாள். நடுவில் தட்டினால் டாக்டரம்மாவுக்குப் பிடிக்காது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் கையிலிருந்ததை வைத்துவிட்டார். அவள் கேட்டதை எல்லாம், கேட்ட வரிசையிலேயே சொன்னாள். யார் என்பதைக் கடைசியில்தான் சொன்னாள்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். "ஆம்புலன்ஸ் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு."

"நல்லது. மருந்து எதாவது ஒத்துக்காதா அவங்களுக்கு?"

"பென்சிலின். ஒரு தடவை உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க." பேசிக்கொண்டிருந்த நாட்களில் சொன்னது.

டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவைக் கூப்பிட்டு, முக அறுவை நிபுணரையும் மயக்க மருந்து டாக்டரையும் தயாராக இருக்கச் சொன்னார். தொலைபேசியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "நீ இன்னும் ஏன் நிக்கற? கிளம்பு."

"ஃபோன்..."

"நர்ஸ் எடுப்பா."

அதுவரை கன்னத்தைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் எழுந்து நின்றார். காலையிலிருந்து, "எனக்கு முன்னாடி யாரையும் உள்ள விட்டுடாத" என்று எச்சரித்துக்கொண்டிருந்தவர்.

"நீ போம்மா. நர்ஸம்மா உள்ள இருந்தா ஃபோனை நான் எடுக்கறேன். முதல்ல நம்பர், அப்புறம் மூச்சு, முழுங்கறது, வீக்கம். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

"நீங்க கத்தற கத்துல கூப்பிட்டவனுக்கு வலி பறந்துடும்" என்றாள் நர்ஸ்.

மறுமுனையில் ஆட்கள் ஏறிவரும் சத்தமும், "அம்மா, இப்படியே உக்காந்திருங்க" என்ற புதுக் குரலும் கேட்ட பிறகுதான் அவள் ரிசீவரை வைத்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாமா மாத்திரைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால்களில் இரு வேறு செருப்புகள். ஒன்று அவருடையது, ஒன்று அத்தையுடையது. அவள் அதைக் கவனித்தாள், சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வீட்டுக்குள்ள நாலு பேர் இருக்கோம்" என்றார் அவர். "அவ வாயைத் திறக்க முடியாம தவிக்கறா. நான் பாத்துட்டு, 'அப்பாடா, வீடு அமைதியா இருக்கு'ன்னு நிம்மதியா பேப்பர் படிச்சேன்."

"நான் மட்டும் என்ன மாமா? ஊர்ல இருக்கறவங்க பல்லையெல்லாம் விசாரிக்கறேன்."

கணவன் ஓடிவந்தான். லிஃப்ட் குழிக்குள் இருந்ததால் அழைப்புகள் எதுவும் அவனை எட்டவில்லை. முழங்கை வரை கறுப்பு மசகு. அவளைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்தான். அவள்தான் சொன்னாள், கீழ்க்கடைவாய்ப் பல்லில் பிடித்த சீழ் வெளியே வர வழியில்லாமல் தாடைக்கு அடியில் இறங்கிப் பரவியிருக்கிறது என்று. வலி குறைந்தது அதனால்தான், குணமானதால் அல்ல என்று.

"மூச்சுக்கு முதல்ல குழாய் வெச்சுட்டுத்தான் ஆபரேஷன் ஆரம்பிப்பாங்களாம். உள்ள போய்க் கொஞ்ச நேரம் ஆச்சு."

"நான் காலையில சிரிச்சுக்கிட்டே கிளம்பிப் போனேனே" என்றான். அவன் கைகளைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். மசகு போகவில்லை, துப்பட்டாதான் கறுத்தது.

நிபுணர் வெளியே வந்தபோது மூவரும் ஒன்றாக எழுந்தார்கள். பல்லை எடுத்தாயிற்று, இரண்டு பக்கமும் கீறிச் சீழை வெளியேற்றியாயிற்று, வடிகாலுக்குச் சின்னக் குழாய்கள் வைத்திருக்கிறோம், மூச்சுக் குழாயை வீக்கம் இறங்கிய பிறகுதான் எடுப்போம் என்றார். "ராத்திரி வரைக்கும் தள்ளியிருந்தா எங்க கையில இருந்திருக்காது. வீட்டுல யாரு கவனிச்சது?"

மாமா மருமகளின் தோளைத் தொட்டு முன்னால் தள்ளினார். அவளுக்குப் பாராட்டைக் கேட்கும் தெம்பில்லை. "கவனிச்சிருந்தா முந்தாநாளே கூட்டிட்டு வந்திருப்பேன், டாக்டர்" என்றாள்.

மூச்சுக் குழாயை எடுத்துப் பொது வார்டுக்கு மாற்றிய அன்று அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட இருந்தாள். அத்தையின் கழுத்தில் கட்டு. கண்கள் மட்டும் பழையபடி கூர்மையாக இருந்தன. அவளைப் பார்த்தன, ஜன்னலைப் பார்த்தன, திரும்பவும் அவளைப் பார்த்தன. பேசவில்லை. அவளும் பேசவில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது? தலையணையைச் சரி செய்தாள். உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்தாள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

நிபுணர் வந்து வாயைத் திறக்கச் சொன்னார். அரை விரலுக்குத் திறந்தது.

"போதாதும்மா. தாடை இறுகிக் கிடக்கு. இப்படியே விட்டா அப்படியே நின்னுடும். நாள் பூரா, விழிச்சிருக்கற நேரமெல்லாம், அடிக்கடி வாயைத் திறந்து மூடணும். நல்லா வாயைத் திறந்து பேசுங்க. பாடணும்னா பாடுங்க. சும்மா மட்டும் இருக்காதீங்க. இது மருந்து மாதிரி."

அவர் போய்விட்டார். கட்டிலில் ஒரு பெண், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண். மாமா திடீரென்று காபி வாங்கப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நழுவிவிட்டார்.

"அத்தை, டாக்டர் சொன்னது..." என்று ஆரம்பித்தாள் அவள்.

"கே...ட்டுச்சு." குரல் கரகரத்தது. ஆனால் அமுங்கவில்லை. அத்தை ஒரு நிமிடம் தாடையை அசைத்துப் பார்த்தார். வலியில் கண் சுருங்கியது. "பாட்டு... வராது எனக்கு."

"பேசுங்க, அத்தை."

"பேச... என்ன இருக்கு? திட்டத்தான் இருக்கு."

"திட்டுங்க. டாக்டரே சொல்லியிருக்கார்."

அத்தையின் கண்ணோரத்தில் ஏதோ மினுங்கியது. சிரிப்பா, கண்ணீரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"திருடி" என்றார் அத்தை, ஒவ்வொரு எழுத்துக்கும் வாயைத் திறந்து. "திருட்டுத்தனமா... வீடு பாப்பியா?"

"தப்புதான், அத்தை. உங்ககிட்ட முதல்ல சொல்லியிருக்கணும்."

"தனியா போறது தப்புன்னு... சொன்னேனா? சொல்லாம போறது... தப்பு." மூச்சு வாங்கினார். அவள் கையை நீட்டினாள், நிறுத்தச் சொல்லி. அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இன்னும் பலவீனமாகத்தான் இருந்தது. "நானும் தப்பு. உன்கிட்ட ஒரு வார்த்தை... கேட்டிருந்தா... வீம்பு. உன் ஆஸ்பத்திரிக்கே, நீ இல்லாதப்ப வரலாம்னு... பாத்தேன்."

"அடுத்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் போட்டிருப்பேன், அத்தை. பேனாவை எடுத்துட்டேன்." அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாமல் நெஞ்சில் வைத்திருந்தது அது.

அத்தை அவள் கையை விடவில்லை.

"போடலையே" என்றார். பிறகு, "கண்ணைத் தொடை. எனக்கு இன்னும் திட்டி முடியல. அந்த வீட்டுல... ஜன்னல் எத்தனை?"

"ஹால்ல ரெண்டு. சமையலறையில ஒண்ணு."

"எந்தப் பக்கம் பாத்து?"

"கிழக்கு."

"ம்ம். காத்து வராது. வெயில்தான் வரும். யாரு பாத்தது, அவனா?" வாய் இப்போது ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. "லிஃப்டுக்குள்ளயே இருக்கறவனுக்கு... காத்தைப் பத்தி என்ன தெரியும்? நான் எழுந்து நடந்ததும் வந்து பாக்கறேன். எனக்குப் புடிச்சாத்தான் சாவி வாங்கணும். புடிக்கலைன்னா வேற வீடு."

"சரி, அத்தை."

"சரின்னு உடனே சொல்லாத. எதிர்த்துப் பேசு. அப்பத்தான் எனக்கு வாய் திறக்கும்."

காபியோடு திரும்பிவந்த மாமா வார்டு வாசலில் நின்றுவிட்டார். உள்ளே கிழக்கு ஜன்னலுக்காக மருமகள் வாதாடிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கழுத்தோடு மாமியார், ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை அகலமாகத் திறந்து, விடாமல் மறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில் அம்மாள் போர்வையை விலக்கி எட்டிப் பார்த்து, "என்னங்க இது, ஆஸ்பத்திரியிலயும் சண்டையா?" என்று அங்கலாய்த்தாள்.

"சிகிச்சை நடக்குதும்மா" என்றார் மாமா. உள்ளே போகாமல், அங்கேயே நின்று காபியை நிதானமாகக் குடிக்க ஆரம்பித்தார்.